சால்வைப் பெட்டி

பாச்சை உருண்டையின் வாசம் எனக்கு ஆகாது. கல்யாண வீட்டில் பெட்டியிலிருந்து அப்படியே எடுத்துக் கட்டிய பட்டுச்சேலையோடு யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விடுவேன். திமிர் பிடித்தவள் என்று சொந்தக்காரர்கள் மத்தியில் எனக்குப் பேர் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும். அந்த வாசம் எங்கள் வீட்டில் என்ன செய்தது என்று தெரிந்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

திருமயத்துக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. வெயிலுக்குப் பேர் போன சீமையில் கம்பளிக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். என் மாமனார் வீட்டுக்குக் குன்னூரில் மளிகையும் ஜவுளியும் சேர்ந்த கடை ஒன்று இருந்தது. மாமனாரின் அப்பா மலையேறிப் போய் ஆரம்பித்த கடை. மாமனார் காலமான பிறகு அவருடைய மகன்கள் இரண்டு பேரும் முறை வைத்து அதைப் பார்த்தார்கள். ஒரு வருஷம் மூத்தவர், ஒரு வருஷம் இளையவர். சித்திரையில் ஒருவர் இறங்கி வருவார், மற்றவர் ஏறிப் போவார். பெண்கள் நாங்கள் ஊரோடு இருப்போம். மூத்தவருக்கு என் அக்காவைக் கொடுத்திருந்தது. இளையவருக்கு என்னை. கூடப்பிறந்தவர்கள் ஒரே வீட்டில் ஓரகத்திகள்.

மலையில் கடைக்குப் பின்னாலிருந்த அறையில் சுவரெல்லாம் ஈரம் கசியும், எலியும் உண்டு. அதனால் இறங்கி வருகிறவர் தன் கம்பளிகளையெல்லாம் மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்துவிடுவார். ஏறிப் போகிறவருக்கு வீட்டில் இருக்கும் கம்பளிகள் போகும். வந்தது உள்ளே, இருந்தது வெளியே. இந்தப் பொறுப்பு முழுக்க அக்காவினுடையது. முற்றத்தை ஒட்டிய உள்ளறையில் பலகை அடித்து, அதன் மேல் தகரப் பெட்டிகளை வரிசையாக வைத்திருந்தாள்.

அவள் அந்த வேலையைச் செய்வதைப் பார்த்தால் எனக்குச் சில நேரம் எரிச்சலாகக்கூட வரும், அவ்வளவு சுத்தம். கம்பளி ஒவ்வொன்றையும் உதறி, பிரஷ் போட்டு, தையல் ஓரங்களை விரலால் பிரித்துப் பார்ப்பாள். பூச்சிப் புழு அங்கேதான் ஒட்டியிருக்குமாம். துவைக்கவேண்டியதைப் பூந்திக்கொட்டை நுரையில், பச்சைத் தண்ணீரில் அலசுவாள். முறுக்கிப் பிழிய விடமாட்டாள். பாயில் விரித்து நிழலில் காயவைத்து, பிறகு கொஞ்சம் வெயில் காட்டி, நன்றாக ஆறியபின்தான் மடிப்பாள்.

“அழுக்கோட உள்ள வச்சா பூச்சியை வெத்தலை பாக்கு வச்சு அழைச்ச மாதிரிடி. அதுக்கு நூலு வேணாம், நம்ம வேர்வையும் கறையுந்தான் வேணும்” என்பாள்.

துவைத்த பழைய வேட்டியில் கம்பளியைச் சுற்றிப் பெட்டியில் அடுக்குவாள். எல்லாவற்றுக்கும் மேலே, சின்னத் துணிப்பையில் கட்டிய பாச்சை உருண்டை. அதன் ஆவி கீழ்நோக்கித்தான் இறங்கும், அடியில் போட்டால் பிரயோசனமில்லை என்று யாரோ கடைக்காரர் சொன்னதைக் கேட்டு வைத்திருந்தாள். பெட்டிக் கைப்பிடியில் அட்டைச்சீட்டு தொங்கும். மூடியின் உட்புறத்தில் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டிய தாள். ‘பழுப்புக் கம்பளி 2, கழுத்துத் துண்டு 1, கை வைத்த ஸ்வெட்டர் 1.’ எடுத்ததைக் கோடு போட்டு அடிப்பாள், வைத்ததைச் சேர்ப்பாள். அதே ஜாபிதாவின் நகல் ஒன்று கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். ஆண்கள் ஊருக்குக் கிளம்புவதற்கு முன்பே கம்பளிகளை எடுத்துக் கொடியில் போட்டு, நெடி போகக் காற்றாட விடுவாள். நெடியோடு போர்த்தினால் தலை கிறுகிறுக்கிறது என்று அக்கா வீட்டுக்காரர், என் அத்தான், ஒருதரம் சொல்லியிருந்தார்.

இதில் சேராத பெட்டி ஒன்று உண்டு. கடைசி வரிசையில் இருந்த தேக்குப் பெட்டி. சீட்டில் ‘சால்வை 1’ என்று மட்டும் எழுதியிருக்கும். கடையை ஆரம்பித்த பெரியவர் மலையில் ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கிய காஷ்மீரச் சால்வை அது. மாதுளம்பூ நிறம், ஓரமெல்லாம் மாங்காய்க் கரை. அந்த வீட்டில் ஆண்பிள்ளை பிறந்தால், தீட்டுக் கழிந்து தொட்டிலில் போடுகிற அன்று அந்தச் சால்வையைத்தான் போர்த்தவேண்டும். கடைக்கு அடுத்த ஆள் வந்துவிட்டான் என்று அர்த்தம். மாதம் நிறைகிற வரைக்கும் பிள்ளை அதற்குள்தான் கிடக்கும். பெண்பிள்ளைக்கு அது கிடையாது. என் மூத்தவள் பிறந்தபோது பழைய நூல்சேலையில் சுற்றிக் கையில் கொடுத்தார்கள். எனக்கு அன்று வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பிற்பாடு அந்த நூல்சேலையைக் கும்பிடலாம்போல் இருந்தது.

சால்வைக்கு இன்னொரு விதியும் உண்டு. பெட்டியிலிருந்து நேரே பிள்ளை மேல். கொடியில் போட்டு நாலு பேர் கண்ணில் காட்டக்கூடாது, வெயிலில் விரித்துச் சாயம் போக விடக்கூடாது. இது என் மாமியார் வைத்த சட்டம். வேப்பிலையும் வசம்பும் போட்டு வைத்த காலத்தில் அந்தச் சட்டத்தால் ஒரு கெடுதலும் வரவில்லை. என் வீட்டுக்காரரும் அத்தானும் அந்தச் சால்வையில் கிடந்து வளர்ந்தவர்கள்தான்.

அக்கா பொறுப்பெடுத்த புதிதில் ஒருநாள் அந்தச் சால்வையில் பூச்சி அரித்த ஓட்டை ஒன்று தெரிந்தது. மிளகளவுதான் இருக்கும். மாமியார் அன்று பேசிய பேச்சை இங்கே எழுதமுடியாது. தாயில்லாத பெண்ணைக் கட்டினால் இப்படித்தான் என்று எங்கள் ஆத்தாவரைக்கும் போய்விட்டார். அக்கா அடுத்த வாரமே புதுக்கோட்டைக்கு ஆள் அனுப்பி டப்பா நிறையப் பாச்சை உருண்டை வாங்கினாள். மற்றப் பெட்டிக்கெல்லாம் மேலே ஒரு பை. சால்வைக்கு மட்டும் மடிப்புக்கு மடிப்பு. கரைந்து சிறுத்துப்போனால் புதிது சேர்ப்பாள். அந்தப் பெட்டியைத் திறந்தால் கண்ணில் தண்ணீர் வரும்.

அதற்குப் பிறகு அக்காவுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. சால்வை போர்த்தினார்கள். அந்த வாரத்திலேயே பிள்ளை மஞ்சளாகி, சோர்ந்து, பால் குடிக்க மறந்து, கண்ணை மூடிவிட்டது. செவ்வாப்பு என்றார்கள், பட்சிதோஷம் என்றார்கள். வீட்டு வைத்தியரின் மருந்தும் மந்திரித்த தண்ணீரும் கொடுத்துப் பார்த்தார்கள். மார்பில் பால் கட்டி அக்கா துடித்தது எனக்குத்தான் தெரியும். அதற்குப் பிறகு அவளுக்குப் பிள்ளை தங்கவில்லை. சால்வையைத் தன் கையாலேயே அலசி, உள்ளறைக்குள்ளேயே காயவைத்து, மடித்து, புது உருண்டை போட்டுப் பெட்டிக்குள் வைத்தாள். ஜாபிதாவில் எழுதவும் செய்தாள். அவள் அழுததைவிட அது எனக்குப் பயமாக இருந்தது.

பிறகு நான் ஒரு ஆண்பிள்ளையைப் பெற்றேன். கார்த்திகைக் கடைசி, விடாத மழை. எங்கள் ஆத்தா இல்லாததால் பிரசவம் புகுந்த வீட்டிலேயே. என் வீட்டுக்காரர் மலையில் கடையில் இருந்தார், அத்தான் ஊரில் இருந்தார். பிள்ளை நல்ல கொழுகொழுவென்று, சங்கு ஊதுவதுபோல் அழுதான். தொட்டில் போடுகிற அன்று மார்கழிக் குளிர் இறங்கியிருந்தது. அக்கா உள்ளறைக்குப் போய்ச் சால்வையை எடுத்துவந்தாள். உருண்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துவிட்டு, பிள்ளையை அதில் வைத்துக் கழுத்துவரை சுற்றி என் கையில் கொடுத்தாள்.

“இவன் தங்கணும்டி. இவனாவது தங்கணும்” என்றாள்.

நெடி மூக்கில் ஏறியது. பிள்ளை முகத்தைச் சுளித்துத் தும்மினான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதன்பிறகு வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. பிள்ளை அழுதால் மாமியார் தலையைத் தூக்கிப் பார்ப்பார். அழாவிட்டாலும் பார்ப்பார். அண்டைவீட்டுப் பெண்கள் வந்து வாசலோடு நின்று எட்டிப் பார்த்துவிட்டு, “கண்ணு நல்லா இருக்கா?” என்று கேட்டுப் போனார்கள். கண்ணைப் பற்றி ஏன் கேட்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். போன பிள்ளைக்குக் கண்ணில்தான் முதலில் மஞ்சள் தெரிந்தது. நான் விடிந்ததும் பிள்ளையை வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கிப்போய் இமையை விரலால் விலக்கிப் பார்ப்பேன். வெள்ளையாக இருந்தால்தான் எனக்குக் காப்பி இறங்கும்.

ஒருநாள் காலையில் அது வெள்ளையாக இல்லை.

நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நிஜமாகிவிடும் என்று பயம். குளிர் காரணமாக இருக்கும் என்று சால்வையை இன்னும் இறுக்கிச் சுற்றினேன். மறுநாள் உதடு வெளுத்துவிட்டது. மார்பில் வைத்தால் இரண்டு இழுப்பு, அவ்வளவுதான், மூச்சு வாங்கினான். சங்கு ஊதிய குரல் பூனைக்குட்டிக் குரலாகிவிட்டது.

மாமியார் என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: “இந்தா பாரு, சொல்றேன்னு கோவிச்சுக்காத. ஒங்க அக்காவைப் பிள்ளைகிட்ட அண்ட விடாத. பறிகொடுத்தவ கண்ணு பொல்லாதது. அவ கைபட்டுத்தான் இப்படி ஆகுது.”

எனக்கு உடம்பெல்லாம் தீப்பிடித்த மாதிரி இருந்தது. “எங்க அக்கா தொடக்கூடாதுன்னா இந்தப் பிள்ளையை நானும் தொடலைங்க. நீங்களே வச்சு வளத்துக்கங்க” என்று கத்தினேன். பச்சை உடம்புக்காரி கத்தினால் வீடு என்ன ஆகும்? மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார். உள்ளறை வாசலில் அக்கா நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

அவள் வந்து பிள்ளையின் அடியில் கிடந்த ஈரத்துணியை உருவினாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மூத்திரம் பட்ட இடம் தேயிலைச் சாயம் ஊற்றியதுபோல் கறுத்திருந்தது. அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை.

“எம் பிள்ளைக்கும் இதே நிறந்தான்” என்றாள். “எனக்கு அப்ப யாரும் சொல்லலை. எனக்கும் தெரியலை. இனிமே ஒரு நிமிசம் இங்க இருக்கக் கூடாது. கெளம்பு.”

மாசம் நிறையாத பிள்ளையை ஊர் தாண்டி எடுத்துப்போகக் கூடாது என்று மாமியார் நிலைப்படியில் நின்றார். அக்கா அதுவரை அவரை எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை. இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை உருவி அவர் காலடியில் வைத்தாள்.

“வழி விடுங்க அயித்தை. இல்லாட்டி இந்த வீட்டுச் சாவியை நீங்களே வச்சுக்கங்க, நான் திரும்பி வரலை.”

அத்தான் திருமயத்துக்கு ஆள் விட்டு வாடகைக் கார் பிடித்துவரச் செய்தார். புதுக்கோட்டைவரை அக்கா பிள்ளையை மடியில் வைத்திருந்தாள். சால்வையைக் குளிர் படாமல் கழுத்துவரை இழுத்து இழுத்து விட்டபடியே வந்தாள். கார்க் கண்ணாடிகள் மூடியிருந்தன. உள்ளே அந்த நெடிதான். எனக்குக் குமட்டியது. பயத்தால் வருகிற குமட்டல் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் நடுவயதுப் பெண் டாக்டர் ஒருவர் இருந்தார். பிள்ளையை வாங்கியவர் கண்ணைப் பார்ப்பதற்கு முன்பே மூக்கைச் சுளித்தார்.

“என்ன வாடை இது? பாச்சை உருண்டையா?”

“ஆமாங்க. பொட்டியில வச்சிருந்த சால்வைங்க” என்றாள் அக்கா.

“எத்தனை நாளா இதுல சுத்தி வச்சிருக்கீங்க?”

சொன்னோம். அவர் சால்வையை உருவித் தரையில் போட்டுக் காலால் அறைக்கு வெளியே தள்ளிவிட்டார். நர்ஸைக் கூப்பிட்டுப் பிள்ளையைத் துடைத்து வேறு துணியில் சுற்றச் சொன்னார். கறுத்த துணியைக் காட்டினோம். பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். முன்பு ஒரு பையன் இந்த உருண்டையை மிட்டாய் என்று நினைத்து விழுங்கிவிட்டு இதே மஞ்சளோடு, இதே மூத்திரத்தோடு வந்தானாம். இந்த விஷம் சில பிள்ளைகளுடைய ரத்தத்தை உடைத்துவிடும் என்றார். எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படி ஆகாது, ஒரே குடும்பத்தில் சிலருக்கு அப்படி அமைந்துவிடும். விழுங்கித்தான் ஆகவேண்டும் என்பதில்லை, பச்சைப்பிள்ளைக்கு மூச்சிலும் தோலிலும் ஏறினாலே போதும்.

நான் அக்காவைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயந்தேன். அவள் காதில் இது விழாமல் இருந்திருக்கக் கூடாதா என்று அந்த நேரத்திலும் நினைத்தேன். பக்கத்தில்தானே நிற்கிறாள்.

அக்கா டாக்டரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். ஜாபிதா எழுதுவதற்கு விவரம் கேட்பதுபோல் நிதானமாகக் கேட்டாள்.

“எத்தனை உருண்டை வச்சா இப்படி ஆகும்மா?”

“எண்ணிக்கைல என்னம்மா இருக்கு? காத்தாட விடாம எடுத்துப் போத்துனீங்கள்ல, அதுதான்” என்றார் டாக்டர். அக்கா ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தது அவருக்குத் தெரியாது. பாவம், அவர்மேல் தப்பில்லை.

பிள்ளைக்கு ரத்தம் ஏற்றவேண்டும் என்றார்கள். அத்தானுடைய ரத்தம் ஒத்துப்போனது. அந்தப் பிஞ்சுக் காலில் ஊசி குத்தியபோது அவனுக்கு அழக்கூடத் தெம்பில்லை. நாங்கள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். அக்கா தன் இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்து, உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் தோளைத் தொட்டேன். அவள் நகர்ந்து உட்கார்ந்தாள்.

பிள்ளை பிழைத்தான். ரத்தம் ஏறிய சில நாளில் மூத்திரம் தெளிந்தது, மஞ்சள் மெல்ல இறங்கியது. பழைய குரல் திரும்பி, ஆஸ்பத்திரியே அதிர அழுதான். அந்த அழுகையைக் கேட்டு நான் அழுதேன். அக்கா எழுந்து வெளியே போய்விட்டாள்.

கிளம்பும்போது அக்கா அந்தச் சால்வையையும் நர்ஸிடம் கேட்டு வாங்கிச் சுருட்டி எடுத்துக்கொண்டாள். ஊருக்குத் திரும்பியதும் மாமியார் சாவிக்கொத்தை அவள் கையிலேயே கொடுத்தார். டாக்டர் சொன்னதை அத்தான் சொன்னபோது அவர் நம்பவில்லை. வாசம் பட்டு யாராவது சாவார்களா என்றார். அக்கா மறுநாளே எல்லாப் பெட்டிகளையும் திறந்து உருண்டைகளைப் பொறுக்கிக் குழி வெட்டிப் புதைத்தாள். கம்பளிகளை வெயிலில் போட்டு எடுத்து, வசம்பும் காய்ந்த வேப்பிலையும் வைத்தாள். மாதம் தவறாமல் எடுத்து உதறினாள். சீட்டு, தாள், கோடு, எல்லாம் பழையபடி. ஒரு கம்பளியிலும் பூச்சி விழவில்லை.

ஆனால் என் பிள்ளையை அவள் அதற்குப் பிறகு தொடவில்லை. அவன் தவழ்ந்து போய் அவள் சேலையைப் பிடித்தால் என்னைக் கூப்பிடுவாள். நடந்து போய்க் கழுத்தைக் கட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வாள். “ஒன் கையால ஒண்ணும் ஆகலைக்கா, அந்த ஓட்டைக்கு அன்னைக்கு ஒன்னைப் பேசுனாங்களே, அதாலதான் ஆச்சு” என்று எத்தனையோ தரம் சொன்னேன். கேட்டுக்கொள்வாள். கைகள் பின்னால்தான் இருக்கும்.

சில வருஷம் கழித்து எனக்கு இன்னொரு ஆண்பிள்ளை பிறந்தது. தொட்டில் போடுகிற அன்று மாமியார் ஊரைக் கூட்டிவிட்டார். “உருண்டைதான் இப்ப போடுறதில்லையே, அந்தச் சால்வையை எடுத்துட்டு வா” என்றார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா என்னைப் பார்த்து, பேசாதே என்பதுபோல் தலையசைத்தாள். உள்ளறையிலிருந்து தேக்குப் பெட்டியையே தூக்கிவந்து எல்லோருக்கும் நடுவில் வைத்தாள். கைப்பிடியில் அவளுடைய அச்சுப்போன்ற எழுத்து, ‘சால்வை 1.’

மூடியைத் திறந்தாள். நெடி இல்லை. வசம்பும் இல்லை, வேப்பிலையும் இல்லை. மாதுளம்பூ நிறத்தில் தூளாக ஏதோ கிடந்தது. மாமியார் கையை விட்டுத் தூக்கினார். சல்லடைபோல் வந்தது, தூக்கத் தூக்க உதிர்ந்தது. ஓரத்தில் ஒரு துண்டு மட்டும் மிஞ்சியிருந்தது. அதில் தேயிலைச் சாயக் கறையும் பால் கக்கிய கறையும் அப்படியே காய்ந்திருந்தன. அவள் அதைத் துவைக்காமல் உள்ளே வைத்திருக்கிறாள். அழுக்கோடு வைத்தால் பூச்சியை அழைத்த மாதிரி என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவள்.

“பூச்சி அரிச்சிருச்சுங்க அயித்தை” என்றாள் அக்கா.

மாமியார் அவள் முகத்தைப் பார்த்தார். திட்டுவார் என்று எல்லோரும் காத்திருந்தோம். என்ன கண்டாரோ, கையிலிருந்ததைப் பெட்டிக்குள் போட்டுவிட்டுத் தூணில் சாய்ந்துகொண்டார். அக்கா மூடித் தாளிலிருந்த ஒரே வரியைப் பென்சிலால் கோடு போட்டு அடித்தாள். உள்ளறைக்குப் போய் நகலிலும் அடித்தாள். பிறகு கொல்லைப்புறம் போனாள். கிணற்றில் வாளி விழுகிற சத்தம் கேட்டது, வாளி வாளியாகத் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

தலைமுழுகி ஈரத்தோடு வந்தவள் என் எதிரில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டினாள்.

“பிள்ளையைக் குடுடி” என்றாள்.